சேதமடைந்து திரும்பும் சரக்கு: ரிட்டன் அனுமதியிலிருந்து கிரெடிட் நோட், மறுஇருப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வாடிக்கையாளருக்கு 60 நீரேற்றுப் பம்புகள் விற்றிருக்கிறோம். பட்டியல் விலை ஒன்றுக்கு 2,000. அதில் 10 சதவீதத் தள்ளுபடி போக 1,800. வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் இன்வாய்ஸ் தொகை 1,18,800 ஆகிறது. கெடு நாளில் வங்கிக்கு வந்ததோ 88,000 மட்டும். கூடவே வந்த விவரக் குறிப்பில் “14 பம்புகள் சேதம், 30,800 பிடித்தம்” என்று ஒரே ஒரு வரி இருக்கிறது.

இந்த ஒரு வரியைக் கையாளும் முறைதான் இந்த வழிகாட்டியின் பொருள். தொகைகளை எந்த நாட்டு நாணயத்தோடும் சேர்க்காமல் வெறும் எண்களாகவே எழுதியிருக்கிறேன். வரி விகிதமும் கணக்கு எளிதாக இருப்பதற்காக எடுத்துக்கொண்டதுதான். சேதச் சரக்கு திரும்பும்போது மூன்று கேள்விகள் ஒன்றாக எழுகின்றன. வாடிக்கையாளருக்கு நாம் எவ்வளவு கழித்துக் கொடுக்க வேண்டும்? திரும்பி வந்த பொருள் நம் கையில் இன்று என்ன மதிப்புப் பெறும்? சேதத்தின் நட்டம் கடைசியில் யார் தலையில் விழும்? இம்மூன்றுக்கும் விடை சொல்லும் ஆவணங்களும் ஆட்களும் வேறு வேறு. ரிட்டன் கணக்குகளில் நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை, முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை அப்படியே இரண்டாவதற்கும் எழுதிவிட்டதால் வந்தவை. 14 பம்புக்குக் கிரெடிட் கொடுத்தோம், ஆகவே இருப்பில் 14 பம்பைக் கூட்டினோம் என்று எழுதிவிடுவது அந்த வகை.

படி 1: பொருளை வரவழைப்பதற்கு முன், இடர் யாருடையது என்று பாருங்கள்

விற்பனை ஒப்பந்தத்தில் உள்ள டெலிவரி விதிமுறையை முதலில் எடுத்துப் படிக்க வேண்டும். இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளின்படி டிஏபி முறையில் விற்றிருந்தால், சொன்ன இடத்துக்கு வண்டி போய்ச் சேர்ந்து சரக்கு இறக்குவதற்கு ஆயத்தமாக நிற்கும் வரை இடர் விற்பவருடையது. எஃப்சிஏ முறையில் விற்றிருந்தால், வாங்குபவர் அமர்த்திய போக்குவரத்து நிறுவனத்திடம் சரக்கை ஒப்படைத்தவுடனேயே இடர் வாங்குபவரிடம் போய்விடுகிறது. அதற்குப் பிறகு வழியில் நசுங்கியதற்கு நாம் கிரெடிட் கொடுத்தால் அது கடமையால் கொடுப்பது ஆகாது, உறவுக்காகக் கொடுப்பது. கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் அதை விற்பனைத் திரும்பல் என்று எழுதாமல் வணிகச் சலுகை என்று எழுதி, விற்பனை மேலாளரின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் விற்பனை டிஏபி முறையில் நடந்தது. டெலிவரி ரசீதில் வாடிக்கையாளரின் கிடங்கு ஊழியர் “அடி வரிசைப் பெட்டிகள் ஈரம், சில நசுங்கல்” என்று எழுதி, ஓட்டுநரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார். இந்த அரை வரியின் அருமை கடைசிப் படியில் தெரியும். அது இல்லாவிட்டால் சேதம் வண்டியில் நேர்ந்ததா, இறக்கிய பிறகு வாடிக்கையாளரின் கிடங்கில் நேர்ந்ததா என்பது வெறும் வாய்ச்சண்டையாகிவிடும்.

படி 2: ரிட்டன் அனுமதி எண் கொடுங்கள்

அனுமதி எண் இல்லாமல் எந்தப் பெட்டியும் கிடங்கு வாசலைத் தாண்டக் கூடாது. இந்த எண்ணுக்குரிய ஆவணம் மூல இன்வாய்ஸைக் குறிப்பிட்டு உருவாக வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். மென்பொருளில் ரிட்டன் ஆர்டரைப் புதிதாகத் தட்டச்சு செய்தால் அது அன்றைய பட்டியல் விலையை எடுத்துக்கொள்ளும். இன்வாய்ஸைக் குறிப்பிட்டு உருவாக்கினால் விற்ற அன்றைய விலை, தள்ளுபடி, வரி விகிதம் மூன்றும் அப்படியே வரும். நம் வாடிக்கையாளர் பிடித்தம் செய்த 30,800 எப்படி வந்தது என்று கணக்கிட்டுப் பாருங்கள்: 14 பம்பு, ஒன்றுக்கு 2,000, அதன்மேல் 10 சதவீத வரி. அவர் வாங்கியது 1,800க்கு. கழித்ததோ 2,000 விலையில். இதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை, அவருடைய கொள்முதல் மென்பொருளில் பட்டியல் விலை மட்டும் பதிவாகியிருக்கலாம். ஆனாலும் மூல இன்வாய்ஸோடு இணைக்காத ரிட்டன் ஆர்டர் இந்தத் தவறை நம் பக்கமும் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கும்.

அனுமதி ஆவணத்தில் சீரியல் எண்களைக் கேட்டு வாங்குங்கள். புகைப்படமும் கேளுங்கள்: பேலட் முழுவதும் தெரியும் ஒன்று, பெட்டியின் லேபிள் தெரியும் ஒன்று, சேதம் தெரியும் ஒன்று. இவை வந்ததும், பொருளைத் திருப்பி எடுப்பதே தேவையா என்ற முடிவை எடுக்கலாம். எடுத்துவரும் கூலியும் பரிசோதனைச் செலவும் சேர்ந்து, மீளக் கிடைக்கப்போகும் மதிப்பைவிட அதிகமானால், பொருளை அங்கேயே விட்டுவிட்டுத் தொகையில் மட்டும் கழித்துக்கொடுப்பதே புத்தி. விலை குறைந்த பொருள்களில் இதுதான் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

படி 3: தனி இடத்தில் இறக்குங்கள், மதிப்பில்லாமல் வரவு வையுங்கள்

திரும்பி வரும் சரக்கு, விற்பனைக்கு உரிய இருப்போடு ஒரு மணி நேரம்கூடக் கலந்திருக்கக் கூடாது. கோடு போட்டுப் பிரித்த ஓர் இடமும், மென்பொருளில் அதற்குரிய தனி இருப்பு வகையும் வேண்டும். எஸ்ஏபி மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இது பழக்கமானதுதான்: 651 என்ற இயக்க வகையில் வரவு வைத்தால் பொருள் ‘ரிட்டன் இருப்பு’ என்ற வகையில் போய் நிற்கும், எண்ணிக்கை பதிவாகும், மதிப்பு பதிவாகாது, கணக்கு ஆவணமும் உருவாகாது. பரிசோதனை முடிந்து 453 வகையில் விற்பனை இருப்புக்கு மாற்றும்போதுதான் பேரேட்டில் மதிப்பு ஏறும். அவசரப்பட்டு 653 வகையில் நேராக விற்பனை இருப்புக்கே வரவு வைத்தால், அடுத்த நிமிடமே மென்பொருள் அந்தப் பம்பை வேறொருவரின் ஆர்டருக்கு ஒதுக்கிவிடலாம்.

அப்படி ஒருமுறை நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். ரிட்டனில் வந்த பொருளைக் கிடங்கில் நேரடியாக இருப்பில் சேர்த்துவிட்டார்கள். பெட்டி நன்றாக இருந்ததால் யாரும் திறந்து பார்க்கவில்லை. இரண்டாவது வாடிக்கையாளரிடமிருந்து அதே சீரியல் எண், அதே குறையோடு திரும்பி வந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு கிரெடிட் நோட் கொடுத்தோம். அதன் பிறகுதான் அந்தக் கிடங்கில் தரையில் கோடு போட்டார்கள்.

இறக்கும்போது எண்ணிக்கையைப் பாருங்கள். வாடிக்கையாளர் சொன்னதை எண்ணிக்கையாக எழுதிவிடாதீர்கள். நம் எடுத்துக்காட்டில் அனுமதி 14க்கு. வண்டியிலிருந்து இறங்கியது 13. அந்த 13இல் ஒன்றின் சீரியல் எண் இந்த இன்வாய்ஸில் இல்லை. அது எட்டு மாதங்களுக்கு முன் வேறோர் இன்வாய்ஸில், அப்போதைய விலைக்குப் போனது. ஒப்பந்தப்படி ரிட்டன் காலம் அதற்கு எப்போதோ முடிந்துவிட்டது. ஆகவே இந்த இன்வாய்ஸுக்கு எதிராக வந்தவை 12.

படி 4: பரிசோதனையை இரண்டாகப் பிரியுங்கள்

இந்த ஓட்டத்தில் மிகவும் பயன் தரும் மாற்றம் ஒன்றே ஒன்று என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கிரெடிட் நோட் கொடுப்பதற்கு நமக்குத் தெரிய வேண்டியவை மூன்று: எத்தனை வந்தன, அவை நாம் விற்றவைதானா, சேதத்துக்கு வாடிக்கையாளர் காரணமில்லை என்பது உறுதியா. பொருளைத் திரும்ப விற்க முடியுமா, எந்த விலைக்கு விற்க முடியும் என்பவை வாடிக்கையாளருக்குத் தொடர்பில்லாத கேள்விகள். முதல் பரிசோதனையைச் சரக்கு இறங்கிய அன்றோ மறுநாளோ முடித்துவிடலாம். இரண்டாவதற்குத் தொழில்நுட்ப ஊழியர் தேவைப்படும், ஒரு வாரமும் ஆகலாம். இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கும் இடங்களில், பழுதுபார்ப்பவரின் மேசை காலியாகும் வரை வாடிக்கையாளரின் கிரெடிட் நோட் காத்துக்கிடக்கும். அவரும் காத்திருக்காமல் அடுத்த பணத்தில் தாமாகவே கழித்துக்கொள்வார்.

முதல் பரிசோதனையில் காரணத்தைச் சொல்லும் தடயங்களைத் தேடுங்கள். நம் 12 பெட்டிகளிலும் அடியிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் பழுப்பு நிறக் கோடு ஒன்று ஒரே மட்டத்தில் ஓடியது. அதற்குக் கீழே அட்டையின் அடுக்குகள் ஊறி ஒன்றை விட்டு ஒன்று பிரிந்திருந்தன. தரையில் தேங்கிய நீரில் பேலட் நின்றதற்கு இதுவே அடையாளம். அடி ஊறித் தளர்ந்ததால் மேல் வரிசையின் பாரம் சில பெட்டிகளை நசுக்கியிருக்கிறது. வாடிக்கையாளர் பம்பைப் பொருத்திப் பார்த்ததற்கான அறிகுறிகள், அதாவது திருகுத் துளைகளில் கீறல், நீர்வாயில் மண், முனைப் பெட்டியில் வெட்டிய வயர்த் துண்டு போன்றவை, எதிலும் இல்லை. டெலிவரி ரசீதில் எழுதியிருந்த குறிப்பும் இதோடு பொருந்துகிறது. 12 பம்புகளுக்கும் கிரெடிட் உண்டு என்று இங்கேயே முடிவு செய்துவிடலாம்.

இரண்டாம் பரிசோதனையில் பம்புகளைத் தரம் பிரிக்கிறோம். பார்வைக்கு நன்றாக இருக்கும் பம்பையும், நீரில் நின்ற பெட்டியிலிருந்து வந்தது என்பதால், மின்சாரம் கொடுப்பதற்கு முன், காப்புத் தடையை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெக்கரால் சோதிக்க வேண்டும். சுற்றுக்கும் உடலுக்கும் இடையிலான காப்புத் தடை, 1,000 வோல்ட்டுக்குக் குறைந்த சாதாரணச் சுற்று மோட்டாருக்கு 5 மெகாஓமாவது இருக்க வேண்டும் என்பது ஐஇஇஇ 43 வழிகாட்டி சொல்லும் அளவு. 5 பம்புகளில் பெட்டி மட்டுமே கெட்டிருந்தது, மெக்கர் அளவும் நன்றாக இருந்தது. இவை முதல் பிரிவு. 4 பம்புகளில் விசிறி மூடி ஒடுங்கி, வண்ணம் உரிந்திருந்தது, ஆனால் ஓட்டத்தில் குறையில்லை. இவை இரண்டாம் பிரிவு. 3 பம்புகளில் வார்ப்பு உடல் விரிசல் விட்டு நீர் உள்ளே போயிருந்தது, மெக்கர் அளவும் கீழே கிடந்தது. இவை மூன்றாம் பிரிவு. தரம் பிரித்தவர் தாளில் “சுமார்”, “பரவாயில்லை” என்றெல்லாம் எழுத இடம் கொடுக்காதீர்கள். எந்தப் பகுதி, என்ன குறை, என்ன அளவு என்று சீரியல் எண் வாரியாக எழுதச் சொல்லுங்கள்.

படி 5: கிரெடிட் நோட்

12 பம்புகளுக்கு, விற்ற விலையான 1,800 வீதம் 21,600; அதற்குரிய வரி 2,160; மொத்தம் 23,760. கிரெடிட் நோட்டில் மூல இன்வாய்ஸின் எண்ணும் நாளும், ரிட்டன் அனுமதி எண்ணும், காரணக் குறியீடும் இருக்க வேண்டும். விற்பனை வரியை நாம் குறைத்துக் காட்டினால் வாடிக்கையாளரும் தம் பக்கம் எடுத்த வரி வரவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பதால், மூல இன்வாய்ஸைக் குறிப்பிடாத கிரெடிட் நோட் பல வரிச் சட்டங்களின் கீழ் சிக்கலை உண்டாக்கும். வரித் தொகையைச் சரிசெய்வதற்கான காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும். அதை உங்கள் வரி ஆலோசகரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

```
விற்பனைத் திரும்பல்        பற்று   21,600
விற்பனை வரி               பற்று    2,160
    வாடிக்கையாளர் கணக்கு   வரவு    23,760
```

வராமல் போன பதினான்காவது பம்பு வாடிக்கையாளரின் கிடங்கிலேயே கிடைத்தது. அதிலும் பெட்டி மட்டும்தான் ஊறியிருந்தது. பம்பைத் தாமே வைத்துக்கொள்வதாகவும், பெட்டிக்காக ஏதாவது கழித்துக் கொடுக்கும்படியும் கேட்டார். 100 கழிக்க ஒப்புக்கொண்டால், வரியோடு 110க்கு ஒரு கிரெடிட் நோட் போட வேண்டும். இது முதலாவதிலிருந்து வேறு வகையானது: இதில் தொகை மட்டும் குறைகிறது, எந்தப் பொருளும் நகர்வதில்லை. எஸ்ஏபியில் முன்னது ரிட்டன் ஆர்டரிலிருந்தும், பின்னது கிரெடிட் மெமோ கோரிக்கையிலிருந்தும் உருவாகும். இந்த 100க்கும் ரிட்டன் ஆர்டரையே பயன்படுத்தினால், கிடங்கில் வராத ஒரு பம்புக்காக மென்பொருள் என்றென்றும் காத்திருக்கும்.

ஒப்புதலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரிட்டன் அனுமதி கொடுத்தவரும், பொருளை எண்ணி வரவு வைத்தவரும், கிரெடிட் நோட்டை விடுவிப்பவரும் ஒருவராகவே இருக்கக் கூடாது. விற்பனை இலக்கை எட்டுவதற்காக மாதக் கடைசியில் விற்று, அடுத்த மாதம் சேதம் என்று திருப்பி எடுக்கும் வழக்கம் இந்த இடைவெளியில்தான் வளர்கிறது.

மறுஇருப்புக் கட்டணம் என்று ஒரு சதவீதத்தைப் பிடிப்பது, வாடிக்கையாளர் மனம் மாறித் திருப்பிய நல்ல பொருளுக்குப் பொருந்தும். நம் இடரில் சேதமான பொருளுக்கு அதைப் பிடிப்பது நியாயமில்லை. மென்பொருளில் அது தானாகவே விழும்படி அமைத்திருந்தால், காரணக் குறியீடு ‘சேதம்’ என்று வரும்போது விழாதபடி மாற்றுங்கள்.

படி 6: எதை இருப்பில் சேர்ப்பது, எந்த மதிப்பில் சேர்ப்பது

இப்போதுதான் இரண்டாவது கேள்விக்கு வருகிறோம். ஒவ்வொரு பம்பின் அடக்க விலையும் 1,200. ஐஏஎஸ் 2 தரநிலையின்படி கையிருப்பை அடக்க விலை, நிகர விற்பனை மதிப்பு இரண்டில் எது குறைவோ அதில்தான் காட்ட வேண்டும். விற்கக்கூடிய விலையிலிருந்து, அதை விற்கும் நிலைக்குக் கொண்டுவரும் செலவையும் விற்பதற்கான செலவையும் கழித்தால் கிடைப்பது நிகர விற்பனை மதிப்பு.

முதல் பிரிவு எளிது. புதுப் பெட்டிக்கும் சோதனைக்கும் ஒன்றுக்கு 90 செலவு. அதன் பிறகு வழக்கமான 1,800க்கு விற்கலாம். 1,710 என்பது 1,200ஐவிட அதிகம், ஆகவே 1,200 மதிப்பிலேயே இருப்பில் சேரும். புதுப் பெட்டிகளுக்கான 450ஐ அடக்க விலையில் ஏற்றாமல் செலவாகவே எழுதுங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு முறை பெட்டி கட்டியதால் அதன் மதிப்பு கூடிவிடாது.

இரண்டாம் பிரிவில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. இருக்கிறபடியே இரண்டாம் தரம் என்று சொல்லி 1,150க்கு விற்கலாம். விற்பனைச் செலவு 50 போக 1,100 கிடைக்கும். அல்லது மூடியை மாற்றி, வண்ணம் பூசி, புதுப்பித்த பொருளாக 1,500க்கு விற்கலாம். பழுதுச் செலவு 320, விற்பனைச் செலவு 50 போக 1,130 கிடைக்கும். இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஏற்கெனவே செலவழித்த 1,200 திரும்பி வரப்போவதில்லை. அதை ஒப்பீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. இன்றிலிருந்து கைக்கு எவ்வளவு வரும் என்பதை மட்டும் பாருங்கள். பழுதுபார்த்தால் பம்புக்கு 30 கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் மூடி வந்து சேர ஐந்து வாரம் ஆகும், மேசையும் அடைபடும். நான்கு பம்புக்கு 120க்காக இதைச் செய்ய மாட்டேன், இருக்கிறபடியே விற்றுவிடுவேன். அப்போது ஒவ்வொன்றும் 1,100 மதிப்பில் இருப்பில் சேரும், 100 வீதம் 400 நட்டம் எழுதப்படும். பல இடங்களில் இந்த 400ஐ எழுத மனமில்லாமல்தான் பொருளைப் “பழுதுபார்க்க” என்று மூலையில் வைக்கிறார்கள். ஆண்டு முடியும்போது அது அங்கேயே தூசி படிந்து இருக்கும்.

மூன்றாம் பிரிவைப் பழுதுபார்க்க 1,400 ஆகும். 1,500க்கு விற்றாலும் விற்பனைச் செலவு போக 50தான் மிஞ்சும். பிரித்தெடுத்தால் செம்பும் உதிரிகளும் 260 தரும், பிரிக்கும் கூலி 60, நிகரம் 200. ஆகவே பிரிப்பதே சரி. மதிப்பு ஒன்றுக்கு 200, நட்டம் மூன்றுக்கும் சேர்த்து 3,000.

மூன்று பிரிவுகளையும் கூட்டினால் இருப்பில் சேர்வது 6,000, 4,400, 600 என 11,000. விற்றபோது விற்பனை அடக்கத்தில் எழுதிய 14,400ஐத் திருப்ப வேண்டும்; வித்தியாசமான 3,400 சேத நட்டம்.

```
கையிருப்பு                       பற்று   11,000
சேத நட்டம்                      பற்று    3,400
    விற்ற பொருளின் அடக்கம்       வரவு    14,400
```

சேத நட்டத்தை விற்பனை அடக்கத்துக்குள்ளேயே புதைத்துவிடாமல் தனிக் கணக்கில் வைக்கும்படி சொல்வேன். புதைத்தால் இந்தப் பம்பின் லாப விகிதம் திடீரென்று சரிந்ததுபோல் தோன்றும். உண்மையில் சரிந்தது பம்பின் லாபம் அல்ல, வண்டியின் தரைதான்.

இரண்டாம், மூன்றாம் பிரிவுப் பம்புகளைப் புதுப் பம்பின் பொருள் எண்ணிலேயே சேர்த்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். சராசரி விலை முறையில் 40 புதுப் பம்புகள் 1,200 வீதம் 48,000 மதிப்பில் இருக்கின்றன என்று கொள்வோம். அதில் உடைந்த மூன்றை 200 வீதம் சேர்த்தால் 43 பம்புகள், 48,600. சராசரி 1,130 என்று இறங்கிவிடும். அடுத்த வாரம் விற்கும் புதுப் பம்பு ஒவ்வொன்றிலும் இல்லாத லாபம் சுமார் 70 கூடுதலாகத் தெரியும். நட்டம் அழிந்துவிடவில்லை, நல்ல பம்புகளின் மேல் பரவிக்கொண்டது, அவ்வளவே. எஸ்ஏபியில் 453 வகை, பொருளின் அப்போதைய முழு மதிப்பிலேயே இருப்பில் ஏற்றும் என்பதால் அங்கே தவறு மறுபக்கமாக நிகழும்: உடைந்த பம்பும் 1,200 என்று நிற்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். இரண்டாம் தரத்துக்கும் பிரித்தெடுக்கும் சரக்குக்கும் தனிப் பொருள் எண்களை வைத்து, 309 வகையில் பொருளிலிருந்து பொருளுக்கு மாற்றி, மதிப்பு வித்தியாசம் சேத நட்டக் கணக்கில் விழும்படி அமையுங்கள்.

படி 7: மாதக் கடைசியில் நடுவழியில் இருக்கும் ரிட்டன்

அனுமதி 28ஆம் தேதி, சரக்கு வந்தது அடுத்த மாதம் 3ஆம் தேதி என்றால், கணக்கை மூடும் நாளில் கிரெடிட் நோட்டும் இருக்காது, பொருளும் இருக்காது. அதற்காக முழு விற்பனையையும் வருவாயாகக் காட்டிவிட முடியாது. 2018 முதல் நடைமுறையில் உள்ள, வருவாய்க்கான ஐஎஃப்ஆர்எஸ் 15 தரநிலையின்படி, திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் தொகையை வருவாயில் சேர்க்காமல் பொறுப்பாகவும், திரும்ப வரவிருக்கும் பொருளைத் தனிச் சொத்தாகவும் காட்ட வேண்டும். அந்தச் சொத்தை, எடுத்துவரும் செலவையும் எதிர்பார்க்கும் மதிப்புக் குறைவையும் கழித்தே காட்ட வேண்டும். புகைப்படத்தில் உடைந்த உடல் தெரியும்போது 1,200 என்று எழுதக் கூடாது.

வாடிக்கையாளர் பணத்தைக் கேட்காமல், குறையுள்ள பம்புக்குப் பதில் நல்ல பம்பு கேட்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தால், அது ரிட்டன் விதிக்குள் வராமல் உத்தரவாத விதிக்குள் வரும். அங்கே கிரெடிட் நோட்டுக்கு இடமில்லை. வருவாயும் குறையாது, மாற்றிக் கொடுத்த பம்பின் செலவு மட்டும் நம்முடையது.

படி 8: மிச்சத்தை வசூலியுங்கள், பிறகு வண்டிக்காரரிடம் போங்கள்

வாடிக்கையாளர் பிடித்தது 30,800. அதற்கு எதிராக 23,760, 110 ஆகிய இரண்டு கிரெடிட் நோட்டுகளையும் பொருத்தினால் 6,930 நிலுவை நிற்கும். இதை ஒரே தொகையாகக் கேட்டால் பதில் வராது. பிரித்து எழுதுங்கள்: பட்டியல் விலையில் கழித்ததால் வந்த வித்தியாசம், 14 பம்புக்கு 200 வீதம், வரியோடு 3,080, ரிட்டன் காலம் கடந்த பழைய பம்புக்காகக் கழித்தது 1,980, அவரே வைத்துக்கொண்ட பம்புக்கு, கழிவு போக 1,870. மூன்றுக்கும் ஆதாரம் வேறு: முதலாவதற்கு இன்வாய்ஸின் விலை வரி, இரண்டாவதற்கு சீரியல் எண்ணும் பழைய இன்வாய்ஸின் நகலும், மூன்றாவதற்கு அவரே எழுதிய கடிதம். பழைய பம்பை அவர் செலவில் திருப்பி அனுப்பலாம் என்றும் அதே கடிதத்தில் சொல்லிவிடுங்கள்; இல்லாவிட்டால் அது நம் ரிட்டன் மூலையில் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும்.

நட்டத்தைப் போக்குவரத்து நிறுவனத்திடம் கோருவது தனி வேலை. கிரெடிட் நோட்டுக்காக அதை நிறுத்தி வைக்கக் கூடாது, ஏனென்றால் அறிவிப்புக் காலங்கள் மிகக் குறுகியவை. சாலை வழிப் பன்னாட்டுப் போக்குவரத்துக்கான சிஎம்ஆர் உடன்படிக்கையில், வெளியில் தெரியும் சேதத்தைப் பெறும்போதே குறிக்க வேண்டும். தெரியாத சேதத்துக்கு ஞாயிறும் பொது விடுமுறையும் நீங்கலாக 7 நாள். விமானச் சரக்குக்கு 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையில் 14 நாள். ஹேக்-விஸ்பி விதிகளின் கீழ் வரும் கப்பல் சரக்கில், வெளியில் தெரியாத சேதத்துக்கு 3 நாள். உள்நாட்டுப் போக்குவரத்தில் அந்தந்த ஒப்பந்தம் சொல்வதுதான். படி 1இல் பார்த்த “அடி வரிசைப் பெட்டிகள் ஈரம்” என்ற குறிப்பும் ஓட்டுநரின் கையெழுத்தும் இங்கேதான் கைகொடுக்கின்றன.

கோரிக்கைக் கடிதத்தில் சேத நட்டம் 3,400, புதுப் பெட்டிகளுக்கான 450, வாடிக்கையாளருக்குக் கொடுத்த கழிவு 100, திருப்பி எடுத்த கூலி ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்டி, தரம் பிரித்த தாளையும் இணையுங்கள். எல்லாம் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். சிஎம்ஆர் உடன்படிக்கையில் இழப்பீட்டின் உச்சவரம்பு மொத்த எடையில் கிலோவுக்கு 8.33 எஸ்டிஆர்; எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. பணம் வருவது உறுதியாகும் வரை அதை வருவாயாகவோ, சேத நட்டத்தைக் குறைப்பதாகவோ எழுதாதீர்கள். வந்த அன்று, எந்த ரிட்டன் அனுமதி எண்ணால் நட்டம் எழுதினீர்களோ அதே எண்ணைக் குறிப்பிட்டு, அதே சேத நட்டக் கணக்கில் வரவு வையுங்கள்.